மெயின் கிளைக்குப் போகாத நாள்

பிரேக் அக்கா என்று கேட்டால்தான் அந்தப் பக்கத்தில் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "யாருங்க அது?" என்பார்கள். பயிற்சிக் கார்களில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த பிரேக்கை அக்கா மிதிப்பதற்கு முந்தைய நொடியே கற்றுக்கொள்பவருக்குத் தெரிந்துவிடுமாம், பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்குமாம். அப்படி வந்த பெயர்.

ஓட்டுநர் பள்ளி ஒன்றில் ரசீது போடுகிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். முதலாளிக்குக் கண்பார்வை மங்கிப்போக, இருந்த ஒரே காரோடு பள்ளியையும் தவணையில் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் முப்பது வருஷம் இடது பக்க சீட்டிலேயே உட்கார்ந்து பிழைத்தாள். அவளிடம் கற்றுக்கொண்டவர்களில் டாக்டர் உண்டு, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் உண்டு, கல்யாணத்துக்கு முன்னால் எப்படியாவது கற்றுவிட வேண்டும் என்று அழுதுகொண்டே வந்தவர்கள் உண்டு. அவள் வீட்டுக்காரரும் கற்றுக்கொள்ள வந்தவர்தான். ஒரு கட்டிட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவர். நேர்க்கோடு வரைகிற அந்தக் கைக்கு ஸ்டீயரிங் மட்டும் வளைந்துகொடுக்கவில்லை. லைசென்ஸ் கிடைக்கவில்லை, அக்கா கிடைத்தாள்.

இரண்டு பேர் மட்டும்தான் அந்த வீட்டில். மாடி வீடு, அக்கா பெயரில் வாங்கியது. செங்குத்தான படி. வீட்டுக்காரருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனபோது, படியிறங்குவதே ஒரு வேலையாகிவிட்டது. காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவார். பிறகு இறங்குவதையே விட்டுவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இந்த வீட்டை வித்துட்டு தரைத்தளத்துல ஒண்ணு பார்த்துக்கலாம்" என்று அக்காதான் சொன்னாள். அவருக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. ஆனால் தன் காலுக்காக வீடு விற்கிறார்கள் என்பது அவரை உள்ளுக்குள் அரித்தது. பேச்சுவாக்கில், "நான் ஒரு பாரமாயிட்டேன்" என்று ஒரு தடவை சொன்னார். அக்கா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

வீடு நல்ல விலைக்குப் போனது. வாங்கின காலத்து விலையையும் செலவையும் கழித்தபிறகு நாற்பது லட்சம் லாபம் என்று ஆடிட்டரம்மா கணக்குப் போட்டாள். ஆடிட்டரம்மாவும் அக்காவின் பழைய மாணவிதான். இரண்டு தடவை டெஸ்டில் தோற்று மூன்றாம் தடவை ஜெயித்தவள். அதனால் ஆபீசில் எவ்வளவு அதிகாரமாகப் பேசினாலும் அக்கா முன்னால் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவாள்.

"அக்கா, கவனமா கேளுங்க" என்று அன்றைக்கு விரல் மடக்கிச் சொன்னாள். "வீடு வித்த லாபத்தைப் புது வீட்டுல போட்டா வரி கிடையாது. வித்த தேதியிலேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வாங்கினா போதும். ஆனா அதுக்குள்ள வரிக் கணக்கு தாக்கல் பண்ற கடைசி நாள் வந்துடும். அந்த நாளுக்குள்ள எவ்வளவு வீட்டுக்காகக் கொடுத்திருக்கீங்களோ அது ஒரு பக்கம். மிச்சத்தைச் சும்மா கையில வெச்சிருக்கக் கூடாது. பேங்க்ல இதுக்குன்னே மூலதன ஆதாயக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டுடணும். வீடு வாங்கறதுக்கு மட்டும்தான் அதுலேருந்து எடுக்கலாம். வேற எந்த டெபாசிட்டும் கணக்குல சேராது."

அக்காவுக்குப் புரிந்தது. தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்துப்போனது. விற்பவருக்கு அவசரம் இல்லை, அவர் மகள் படிப்பு முடிந்த பிறகு டிசம்பரில் பத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒப்பந்தம் எழுதி, பதினைந்து லட்சம் முன்பணமாகப் பேங்க் வழியாகவே அனுப்பியாயிற்று. மிச்சம் இருபத்தைந்து. கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் அதற்கு நேரம் வாய்த்தது. அன்றைக்கோ அக்காவுக்கு லைசென்ஸ் டெஸ்ட் நாள். பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே மைதானத்துக்குப் போக வேண்டும்.

"நான் போயிட்டு வர்றேன்" என்றார் வீட்டுக்காரர். பேங்க் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது, யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும்.

"கால் தாங்குமா?"

"ஆட்டோவுல போறேன். இதையாவது நான் செய்யறேனே."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அப்புறம் அக்கா தடுக்கவில்லை. மதியம் மைதானத்திலிருந்து போன் செய்தாள். "போட்டாச்சா?" என்று கேட்டாள். "போட்டாச்சு" என்றார். கணக்கு எண்ணை வாசிக்கச் சொல்லி, அதை அப்படியே ஆடிட்டரம்மாவுக்குச் சொன்னாள். ஆடிட்டரம்மா அன்றைக்கு நூறு பேர் கணக்கோடு போராடிக்கொண்டிருந்தாள். எண்ணைப் படிவத்தில் ஏற்றி, மறுநாள் தாக்கல் செய்தாள். டிசம்பரில் மிச்சப் பணத்தையும் வீட்டுக்காரரே பேங்குக்குப் போய் அனுப்ப, பத்திரம் முடிந்தது. வீட்டுக்காரர் ஒரு படிகூட ஏறாமல் தன் வீட்டுக்குள் நடந்து போனார். எல்லாம் சுபமாக முடிந்தது என்று அக்கா நினைத்தாள்.

நோட்டீஸ் வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி விழுந்தது. வருமான வரித் துறை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முழுசாகப் புரியவில்லை, நாற்பது லட்சம் என்ற தொகை மட்டும் கண்ணில் குத்தியது.  அந்தப் பெண்ணிடம், "இன்னைக்கு நீ ஓட்டினது போதும்மா, நாளைக்குச் சேர்த்து எடுத்துக்கலாம்" என்று சொல்லி இறக்கிவிட்டு, நேரே ஆடிட்டர் ஆபீசுக்குப் போனாள்.

ஆடிட்டரம்மா திரையில் நோட்டீசைத் திறந்து வாசித்தாள். "பயப்படாதீங்க அக்கா. விலக்கு கேட்டிருக்கீங்க, ஆதாரம் காட்டுங்கன்னு கேக்கறாங்க. பழைய வீட்டு விற்பனைப் பத்திரம், புது வீட்டுப் பத்திரம், பணம் கொடுத்ததுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட், அப்புறம் அந்தக் கணக்கோட பாஸ்புக். எல்லாம் நம்மகிட்ட இருக்கே. பாஸ்புக் கொண்டாந்தீங்களா?"

"அது வீட்டுல அவர்கிட்ட இருக்கும்."

"அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

அக்கா போன் செய்தாள். வீட்டுக்காரர் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். மூன்றாவது தடவை எடுத்து, "தேடிப் பார்க்கணும்" என்றார். அரைமணி கழித்து ஒரு ரசீதின் போட்டோ வந்தது. ஆடிட்டரம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன?"

"அக்கா, இது சாதாரண ஃபிக்ஸட் டெபாசிட்."

"பேங்க்லதானே போட்டிருக்கு?"

"பேங்க்லதான். ஆனா அந்தக் கணக்கு இல்ல." ஆடிட்டரம்மா நாற்காலியில் சாய்ந்தாள்.  பிறகு, "நான் பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கணும். வெறும் நம்பரை வெச்சு ஏத்தினது என் தப்பு" என்றாள்.

"அதை விடு. என்ன ஆகும்?"

"பதினஞ்சு லட்சத்துக்குக் கவலையில்ல. கடைசி நாளுக்கு முன்னாடியே வீட்டை வித்தவர்கிட்ட போயிடுச்சு. இருபத்தஞ்சுதான் சிக்கல். அதுக்கு விலக்கு இல்லன்னு சொன்னாங்கன்னா வரியும் வட்டியுமா ஆறரை லட்சம்கிட்ட வரும். அதுக்கு மேல அபராதமும் போடலாம்."

அக்காவிடம் ஆறரை லட்சம் இருந்தது. அது வீட்டுக்காரர் முழங்கால் ஆபரேஷனுக்கென்று வைத்திருந்தது.

வீட்டுக்குப் போனபோது அவர் வரைபலகையை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். காகிதத்தில் ஒரு கோடுகூட இல்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க நடந்துச்சு அன்னைக்கு?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "கவுண்டர்ல இருந்த பொண்ணு சொல்லுச்சு. இந்தக் கிளையில அந்தக் கணக்குத் திறக்கிற வசதி இல்ல சார், மெயின் கிளைக்குப் போங்கன்னு."

"அப்புறம்?"

"மெயின் கிளை ஊருக்கு அந்தக் கோடியில. கால் வீங்கிப் போயிருந்தது. வெளியே படியில உட்கார்ந்தேன். ஆட்டோக்காரன் போயிட்டான். திரும்ப உள்ள போய், சரி ஃபிக்ஸட்ல போடுங்கன்னு சொன்னேன். நாளைக்குப் போய் மாத்திக்கலாம்னு நெனச்சேன். ஒரு நாள் இருந்துச்சே."

"மறுநாள் ஏன் போகல?"

"எந்திரிக்க முடியல." அவர் பலகையையே பார்த்தார். "உன்கிட்ட சொல்லியிருந்தா நீ போயிருப்பே. அதுதான் சொல்லல. இதைக்கூட இவரால செய்ய முடியலையேன்னு நீ நெனப்பேன்னு."

"நான் எப்பங்க அப்படி நெனச்சேன்?"

"நீ நெனக்கல. நான்தான் நெனச்சுக்கிட்டேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. கத்தியிருப்பாள். ஆனால் முப்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பழக்கம் ஒன்று உண்டு: பயந்துபோயிருப்பவரிடம் கத்தினால் அவர் காலைத் தப்பான இடத்தில்தான் வைப்பார். எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் பார்க்கவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த சில நாள்களும் அப்படித்தான். "டீ போடட்டா?", "போடு", "கதவைச் சாத்தியாச்சா?", "ஆச்சு". இதற்கு மேல் வீட்டில் பேச்சு இல்லை.

புது வீட்டைப் பார்த்துக்கொடுத்த புரோக்கர் எப்படியோ விஷயத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தான். காருக்குள் தலையை நீட்டி, "அக்கா, இதுக்கா இப்படி இருக்கீங்க? பேங்க்ல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். அன்னைக்கே அந்தக் கணக்குத் திறக்க விண்ணப்பம் வாங்கினோம், தவறுதலா ஃபிக்ஸட்ல போட்டுட்டோம்னு பழைய தேதி போட்டு ஒரு லெட்டர் அடிச்சுத் தருவான். இருபத்தஞ்சாயிரம் கேப்பான்" என்றான்.

அக்கா அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினாள். இரண்டு தடவை சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றாள். ஒரு லெட்டர். ஆபரேஷன் பணம் தப்பும். அவர் முகமும் கொஞ்சம் தெளியும். பொய் என்று பார்த்தால் எவ்வளவு பொய்? அவர் நிஜமாகவே விண்ணப்பம் கேட்கத்தானே போனார்? சாயங்காலம் ஆடிட்டரம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

ஆடிட்டரம்மா முழுவதும் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "அக்கா, இப்ப நம்ம கையில இருக்கறது ஒரு தப்பு. அந்த லெட்டர் வந்தா அது மோசடி ஆயிடும். வரித் துறை பேங்க்குக்கு நேரா ஒரு கடிதம் போட்டுக் கேட்டா ஒரே வாரத்துல வெளிய வந்துடும். அப்ப அபராதம் வரியைப் போல ரெண்டு மடங்கு, கேஸும் வரலாம். அந்த லெட்டரை நான் ஏத்தமாட்டேன். நீங்க வேற ஆடிட்டரைப் பார்த்தாலும் எனக்கு வருத்தம் இல்ல."

"நீ பிரேக் போட்டுட்டேன்னு சொல்லு."

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

அக்கா சிரிக்கவில்லை, ஆனால் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. "சரி, உள்ளதைச் சொல்லு. வேற வழி என்ன இருக்கு?"

"உள்ளதைச் சொல்றதுதான் வழி. இருபத்தஞ்சு லட்சத்தையும் தொடாம வெச்சிருந்து, டிசம்பர்ல டெபாசிட்டை உடைச்சு, அன்னைக்கே வீட்டை வித்தவர் கணக்குக்கு அனுப்பியிருக்கீங்க. வீடும் ரெண்டு வருஷத்துக்குள்ள வாங்கியாச்சு. வேற செலவுக்கு ஒரு பைசா போகல. இந்த மாதிரி விஷயத்துல, நோக்கம் நிறைவேறிடுச்சு, தனிக் கணக்குல போடாதது நடைமுறைக் குறைதான்னு சொல்லி விலக்கு கொடுத்த தீர்ப்புகள் இருக்கு. கொடுக்காத தீர்ப்பும் இருக்கு. அதிகாரி ஏத்துக்குவார்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

பதில் தயாரிக்கப் பத்து நாள் பிடித்தது. கூடுதல் அவகாசமும் கேட்டார்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட், டெபாசிட் ரசீது, அதை உடைத்ததற்கான தாள், பத்திரம் எல்லாம் வரிசையாக ஏறின. பணம் எந்தத் தேதியில் எங்கே போனது என்பதை மறைக்காமல் ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்தார்கள். ஒரு மாதம் சத்தமே இல்லை. பிறகு விளக்கம் கேட்டு இன்னொரு நோட்டீஸ்: நாற்பது லட்சம் முழுவதற்கும் ஏன் விலக்கை மறுக்கக் கூடாது? பதினைந்தையும் சேர்த்தே கேட்டிருந்தார்கள். அக்கா நேரே ஆடிட்டர் ஆபீசுக்கு ஓடினாள்.

"வீடியோவுல விசாரணை கேக்கலாம்" என்றாள் ஆடிட்டரம்மா. கேட்டார்கள். கிடைத்தது.

விசாரணையன்று காலை அக்கா ஆடிட்டர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பல மாதத்துக்குப் பிறகு தேய்த்த சட்டை.

"நானும் வர்றேன்."

"அங்க ஏற படி இருக்குங்க. முதல் மாடி."

"தெரியும்."

அவரை மேலே ஏற்றுவதற்கே வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கை கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார். மேலே வந்து உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆடிட்டரம்மா தண்ணீர் கொடுத்தாள்.

திரையில் அதிகாரியின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான். ஆடிட்டரம்மா தீர்ப்புகளைச் சொன்னாள், தேதிகளைக் காட்டினாள். குரல் குறுக்கிட்டது. "சட்டத்துல தெளிவா இருக்கே. தனிக் கணக்குல போடணும்னு. படிவத்துல அந்தக் கணக்குன்னே காட்டியிருக்கீங்க. ஏன்?"

ஆடிட்டரம்மா வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முன்னால் சாய்ந்தார். "சார், நான் இவங்க வீட்டுக்காரர். நான் பேசலாமா?"

 "சொல்லுங்க."

"பேங்க்குக்குப் போனது நான். இவங்க இல்ல. அந்தக் கணக்குல போடச் சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. கிளையில இல்லன்னாங்க. மெயின் கிளைக்குப் போக என்னால முடியல. ஃபிக்ஸட்ல போட்டேன். இவங்க போட்டாச்சான்னு கேட்டப்போ போட்டாச்சுன்னேன். எதுலன்னு சொல்லல. ஆடிட்டருக்கும் தெரியாது. ஏமாத்தணும்னு யாரும் நெனக்கல சார். கால் நடந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

அக்கா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.  குரல், "சரி. இதையும் எழுத்துல கொடுங்க" என்று மட்டும் சொன்னது. விசாரணை முடிந்தது.

இறங்கும்போது அவர் பாதிப் படியில் நின்று, அக்காவின் தோளில் கையை வைத்தார். அக்கா அசையாமல் நின்றாள்.  காரில் ஏறியதும்தான் அவர், "உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். "இப்ப சொல்லிட்டீங்களே, அதுவும் வருமான வரி ஆபீசர் முன்னாடி" என்றாள் அக்கா. அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது.

உத்தரவு வந்தபோது, பாதி நல்லது, பாதி கெட்டது. முன்பணமாகக் கொடுத்த பதினைந்து லட்சத்தை ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தைந்துக்கு விலக்கு இல்லை, தனிக் கணக்கில் போடவில்லை என்று எழுதியிருந்தது. அபராதம் ஏன் போடக்கூடாது என்று தனியாக ஒரு நோட்டீசும் வந்தது. அன்று அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு வெளியே வந்து, "மேல்முறையீடு பண்ணலாம்" என்றாள்.

கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் கட்டி, மிச்சத்தை நிறுத்திவைக்கச் சொல்லி விண்ணப்பித்தார்கள். ஆபரேஷன் பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போனது. அந்த வருஷம் பள்ளியை மூடிவிட்டு வீட்டில் உட்காரலாம் என்று அக்கா நினைத்திருந்தாள். மூடவில்லை. காலை இரண்டு பாட்ச், சாயங்காலம் மூன்று பாட்ச் என்று கூட்டினாள். துண்டு விழுந்த பணம் ஆறு மாதத்தில் திரும்பச் சேர்ந்தது. வீட்டுக்காரருக்கு முதலில் ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று ஆபரேஷன் நடந்தது. தேர்ந்தெடுத்த டாக்டரும் அக்காவின் மாணவர்தான். காசு குறைக்கவில்லை, ஆனால் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பாலத்து மேட்டில் கிளட்ச் எரித்த கதையை மயக்க ஊசி போடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேல்முறையீட்டு உத்தரவு வர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. பணம் வீட்டுக்கே முழுதாகப் போயிருக்கிறது, குறித்த காலத்துக்குள் வீடு வாங்கப்பட்டிருக்கிறது, நடந்ததை மறைக்கவும் இல்லை. எனவே இருபத்தைந்துக்கும் விலக்கு உண்டு என்றது. வரி இல்லையென்றால் அபராதமும் இல்லை. கட்டிய பணம் வட்டியோடு திரும்பும் என்று ஆடிட்டரம்மா போனில் சொன்னாள். துறை இன்னும் மேலே போகலாம், போகாமலும் இருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள், அவள் எதையும் மிகைப்படுத்திச் சொல்கிற ஆள் இல்லை. கடைசியில் அவர்கள் போகவில்லை.

அக்கா செய்தியைக் கேட்டபோது மைதானத்தில் இருந்தாள். டெஸ்டுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். போனை வைத்துவிட்டு, வீட்டுக்கு அழைத்தாள். வீட்டுக்காரர் எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவரே கூப்பிட்டார். கடைக்கு நடந்து போயிருந்தாராம், போனை எடுத்துப்போக மறந்துவிட்டாராம்.

"என்ன விஷயம்?" என்றார்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடு" என்றார் கடைசியில். "காசு நான் தர்றேன்."

வரிசையில் நின்றவர்களுக்கு ஏன் டீ வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவும் சொல்லவில்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.